லண்டன் அடுக்குமாடி வீடு: குத்தகை ஆண்டை எண்ணிப் பார்த்து வாங்குங்கள்

லண்டனில் வேலை பார்க்கும் மகன் அங்கே வீடு வாங்கப் பணம் கேட்கிறான் என்று நம் உறுப்பினர்கள் சிலர் ஆலோசனை கேட்கும்போது, நாம் முதலில் கேட்பது ஒன்றுதான்: குத்தகையில் இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி இருக்கிறது?

கோயில் அடிமனையில் கடை கட்டிய வியாபாரிக்கு இது எளிதில் புரியும். கட்டடத்தை அனுபவிப்பவர் ஒருவர், மண்ணுக்கு உடையவர் இன்னொருவர், ஆண்டுதோறும் அடிமனை வாடகை. இங்கிலாந்தில் தனி வீடு பெரும்பாலும் சுத்தக் கிரயமாகக் கிடைக்கும். அடுக்குமாடி வீடோ அநேகமாக 99 அல்லது 125 ஆண்டுக் குத்தகைதான். கூரையைப் பழுதுபார்க்கும் கடமை, சுத்தக் கிரயமானால் அடுத்து வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது. குத்தகையானால் கட்டுப்படுத்தும் என்பது இதற்கு ஒரு காரணம். தவணை முடிந்தால் வீட்டின் உரிமை மண்ணுக்குடையவருக்கே திரும்பும்.

ஆனால் நம் ஊரில் இல்லாத ஒரு வசதி அங்கே உண்டு. 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, குத்தகைதாரர் நோட்டீசு கொடுத்து, பாக்கி ஆண்டுகளோடு இன்னும் 90 ஆண்டு கூட்டிக்கொள்ளலாம். அதன்பின் அடிமனை வாடகையும் கிடையாது. உடையவர் மறுக்க முடியாது, விலையில்தான் பேரம். ஒத்துவராவிட்டால் தீர்ப்பாயம் முடிவு செய்யும்.

இந்த விலைதான் கவனிக்க வேண்டியது. வீடு 3,00,000 பவுண்டு, அடிமனை வாடகை ஆண்டுக்கு 200 பவுண்டு, ஏறாத வாடகை என்று வைத்துக்கொள்வோம். பாக்கி 82 ஆண்டு. உடையவர் இழக்கும் வாடகையை 7 சதவீத வட்டிக் கணக்கில் இன்றைய மதிப்பாக்கினால் சுமார் 2,850 பவுண்டு. 82 ஆண்டு கழித்து அவர் கைக்கு வரவேண்டிய வீட்டை 5 சதவீதத்தில் இன்றைக்குக் கொண்டுவந்தால் சுமார் 5,500. ஆக ஏறக்குறைய 8,300 பவுண்டு.

அதே வீட்டில் பாக்கி 75 ஆண்டு என்றால் இவ்விரண்டும் சேர்ந்து சுமார் 10,500 ஆகும். அத்தோடு நிற்காது. பாக்கி 80 ஆண்டுக்கு மேல் இல்லாவிட்டால், நீட்டிப்பால் வீட்டுக்குக் கூடும் மதிப்பில் உடையவர் இழக்கும் இத்தொகையைக் கழித்து, மீதியில் பாதியையும் அவருக்குத் தர வேண்டும். குறுகிய குத்தகையோடு வீடு 2,79,000, நீட்டித்தபின் 2,97,000 போகும் எனக் கொண்டால், அந்தப் பாதி சுமார் 3,750. மொத்தம் 14,000 பவுண்டைத் தாண்டும். உடையவரின் வக்கீல் கட்டணமும் மதிப்பீட்டாளர் கட்டணமும் இது தவிர.

நோட்டீசு கொடுத்த தேதியில் உள்ள பாக்கியே கணக்கு. ஆகவே 81 ஆண்டு இருக்கும் வீட்டைத் தள்ளிப் போடக்கூடாது. வாங்கியபின் 2 ஆண்டு காத்திருக்கும் பழைய விதியும் 2025 சனவரி 31 முதல் இல்லை.

பாதி மதிப்பு கொடுக்கும் முறையை நீக்கவும், 990 ஆண்டு நீட்டிக்கவும் 2024இல் சட்டம் நிறைவேறியது. ஆனால் அப்பிரிவுகள் தனி உத்தரவு வந்தால்தான் அமலாகும். வந்துவிட்டதா என்று அங்குள்ள வக்கீலிடம் கேட்காமல் அதை நம்பி விலை பேச வேண்டாம்.

2022 சூன் 30க்குப்பின் எழுதிய புதுக் குத்தகைகளில் பொதுவாக அடிமனை வாடகை வாங்கக்கூடாது. பழைய பத்திரமானால் வாடகைப் பிரிவை வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். 10 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்றிருந்தால் 250 பவுண்டு 50 ஆண்டில் 8,000 ஆகிவிடும். அத்தகைய வீட்டுக்கு வங்கிக் கடனும் எளிதில் கிடைக்காது.