மார்ச் 31-க்கு முன் ஒட்டும் அறிவிப்பு

கணியம்பாடியிலிருந்து ஆம்பூர் வரை, தோல் பட்டறையோ ஷூ கம்பெனியோ, கணக்கு முடிவது மார்ச் 31-இல்தான். பாக்கி வேலைகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டும்போது, ஒவ்வொரு வரியிலும் வேலை, பொறுப்பாளர், தேதி மூன்றும் இருக்கட்டும். ‘சம்பந்தப்பட்டவர்கள் உடனே முடிக்கவும்’ என்று எழுதினால், அது தன் வேலை என்று யாருமே நினைக்க மாட்டார்கள்.

அதிகம் இழுப்பது சரக்கு இருப்புக் கணக்கு. வெட் ப்ளூவை எண்ணிக்கையிலும், முடித்த தோலைச் சதுர அடியிலும், ரசாயனத்தைக் கிலோவிலும் எடுக்க வேண்டும். ஆகவே ‘ஸ்டாக் எடுத்தல்’ என்று ஒரே வரியாக எழுதாமல் பிரித்து எழுதுங்கள்:

“அனைவருக்கும் வணக்கம். கீழ்க்கண்ட வேலைகள் இன்னும் பாக்கி உள்ளன. தயவுசெய்து குறித்த தேதிக்குள் முடித்துத் தரவும்.
வெளி யூனிட்டுக்கு ஜாப் ஒர்க் போன தோலின் சலான் சரிபார்ப்பு – டெஸ்பாட்ச் பொறுப்பாளர் – மார்ச் 20.
சிறு சப்ளையர்களின் நிலுவைப் பட்டியல் – கணக்குப் பிரிவு – மார்ச் 22.
ரசாயன இருப்பு – ஸ்டோர் கீப்பர் – மார்ச் 30.
முடித்த தோல் அளவு – ஃபினிஷிங் மேற்பார்வையாளர் – மார்ச் 31 மாலை.
தடை இருந்தால் இரண்டு நாள் முன்பே மேலாளரிடம் சொல்லவும்.”

சலான் முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. வெளியே போன தோல் குடோனில் இருக்காது, ஆனால் கம்பெனிச் சொத்து. அதை விட்டுவிட்டால் இருப்பு குறைவாகக் காட்டும். சப்ளையர் பட்டியலும் தள்ளிப்போடக் கூடாதது: குறு, சிறு தொழில் சப்ளையருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். கெடு தாண்டி ஆண்டு முடிவிலும் பாக்கி நின்றால், வருமான வரியில் அந்தச் செலவை அந்த ஆண்டுக்குக் கழிக்க முடியாது.