ஒற்றை எக்ஸ் என்று வந்த முடிவு

கேள்வி: எனக்கு 13 வாரம். என்.ஐ.பி.டி. ரத்தப் பரிசோதனையில், குழந்தைக்கு ஒரு எக்ஸ் குரோமோசோம் இல்லாமல் இருக்கலாம் என்று வந்திருக்கிறது. என் வயது 36. அதுதான் காரணமா?
— ஒரு வாசகி, சிராங்கூன் ரோடு, சிங்கப்பூர்

பதில்: வயது காரணமல்ல, அம்மா. முடிவும் இன்னும் உறுதியாகவில்லை.

உங்கள் ரத்தத்தில் அவர்கள் படித்த டி.என்.ஏ. துணுக்குகளில் பெரும்பகுதி உங்களுடையதே. குழந்தையின் பங்காக எண்ணப்படுவது நஞ்சுக்கொடியிலிருந்து வருவது. நஞ்சுக்கொடியில் மட்டும் ஒற்றை எக்ஸ் அணுக்கள் இருந்து, குழந்தை சரியாக இருக்கலாம். வயது ஏற ஏறப் பெண்களின் சில ரத்த அணுக்களும் ஒரு எக்ஸை இழக்கும். இதனால் ஒற்றை எக்ஸ் என்று வரும் முடிவுகளில் பாதிக்கு மேல் பிறகு தவறாகின்றன. சுமார் 16ஆம் வாரத்தில் பனிக்குட நீரை எடுத்துக் குரோமோசோம்களை எண்ணினால்தான் தெளிவு. உங்கள் பக்கத்திலேயே இருக்கும் கேகே மருத்துவமனையில் இதைச் செய்கிறார்கள். ஸ்கேனில் குழந்தையின் கழுத்து வீக்கத்தையும் இதயத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இனி வயது பற்றிய உங்கள் கேள்வி. எக்ஸ்எக்ஸ்ஒய் நிலையில் தாயின் வயதுக்குச் சிறு பங்குண்டு. ஒற்றை எக்ஸில் அப்படியில்லை. முக்கால்வாசி பேரிடம் தொலைந்திருப்பது தந்தை வழிக் குரோமோசோம். விந்தணு உருவாகும்போதோ, கருவின் முதல் பிரிவுகளிலோ அது தவறுகிறது. யாரும் செய்த குற்றமல்ல.

உறுதியானால் அதன் பெயர் டர்னர் நிலை. இத்தகைய கருக்களில் பெரும்பாலானவை ஆரம்பத்திலேயே கலைந்துவிடும்; இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பிறக்கும் பெண்களுக்குப் பொதுவாக அறிவுத்திறன் இயல்பாகவே இருக்கும். உயரம் குறையும், அதற்கு வளர்ச்சி ஹார்மோன் உண்டு. சூலகம் பெரும்பாலும் இயங்காது. 11, 12 வயதில் ஈஸ்ட்ரோஜன் தொடங்குவார்கள். மகாதமனியை வாழ்நாள் முழுவதும் கண்காணிக்க வேண்டும்.