மறுபக்கம் பாராத மகன்

எழுதப்பட்ட ஒன்றின் பொருள் அதன் தொடக்கத்தில் இருக்கின்றதா, முடிவில் இருக்கின்றதா? இக்கேள்விக்கு விடை காண, மாணவச் செல்வங்களுக்கும் அவர்தம் பெற்றோருக்குமாக ஒரு கதையை முதலில் சொல்லி, அதன்பின் அதனைச் சற்று ஆராய்வோம்.

கதை

செம்மண் பூமியிலே ஒரு தோட்டக்காரர். நான்கு பங்குக்காரருக்குப் பொதுவான கிணறு. இறைப்பு முறை நாலு நாளைக்கு ஒருதரம்தான் வரும். தோட்டத்தின் மேற்குப் பக்கம் சின்ன வெங்காயம், கிழக்குப் பக்கம் மிளகாய். இறைப்பு முறை வந்த நாளன்று அவர் அவசரமாகப் பட்டணம் போக வேண்டியிருந்தது. கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்து, மகனுக்கு எழுதி, இரண்டாக மடித்து, மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பள்ளிக்கூடத்தால் வந்த மகன் மேலே தெரிந்த பக்கத்தை வாசித்தான்.

"தம்பி, இன்றைக்கு எங்கள் முறை. மெஷின் திருத்தி வந்துவிட்டது. சாப்பிட்டவுடன் தோட்டத்துக்குப் போய் இறை. நான் வர இருட்டிவிடும். பார்த்துக்கொண்டு நிற்காதே."

அப்பக்கம் அவ்வளவோடு முடிந்தது. பையன் கெட்டிக்காரன், சோம்பேறியும் அல்லன். சாப்பிட்ட கையோடு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். மெஷினைப் போட்டான். கிணற்றுக்குக் கிட்ட இருந்தது வெங்காயம். ஆகவே அங்கிருந்தே தொடங்கி, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறி, மிளகாய்க்கும் விட்டு, பொழுதுபட வீடு திரும்பினான்.

மடித்த தாளின் உட்பக்கத்தில் இருந்தது இது:

"வெங்காயத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் விடாதே. தாள் சாய்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கிண்டப் போகிறோம். மிளகாய்க்கு மாத்திரம் இறைத்தால் போதும். இப்படிக்கு, ஐயா."

தோட்டஞ் செய்யாதவர்களுக்காக ஒரு விளக்கம். வெங்காயம் முற்றியதும் அதன் பச்சைத்தாள் தானே மடிந்து சாயும். அதன்பின் தண்ணீரை நிறுத்தி நிலத்தைக் காயவிட வேண்டும். அப்பொழுதுதான் கழுத்து வற்றி ஒடுங்கி, மேற்றோல் காய்ந்து, வெங்காயம் மாதக்கணக்கில் இருக்கும். அந்த நேரத்தில் தண்ணீர் பட்டால் ஓய வேண்டிய வேர் மறுபடியும் உயிர் பெறும். கழுத்து ஈரமாகவே நிற்கும். அவ்வழியால் அழுகல் உள்ளே போகும். கிண்டும் நாளில் பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. கழுத்தை இரு விரலால் நசுக்கிப் பார்த்தால் மாத்திரமே மெத்தென்றிருப்பது தெரியும்.

அவர் வெள்ளிக்கிழமை கிண்டவில்லை. நிலம் காயட்டும் என்று பொறுத்திருந்தார். பொறுத்தும் பயனில்லை. விற்கக் கொண்டுபோனது விலை குறைந்து போனது. பிடிபிடியாகக் கட்டி வளையில் தொங்கவிட்ட விதைவெங்காயம் இரண்டு கிழமையில் மணக்கத் தொடங்கியது. அடுத்த போகத்துக்கு அவர் விதையைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. அரைத்தாளை வாசியாததால் வந்த நட்டம் ஒரு போகத்தோடு நிற்காமல் இரண்டு போகத்தையும் தொட்டது.

அவன் ஏன் ஏமாந்தான்?

எழுத வாசிக்கத் தெரியாததால் அவன் பிழை விடவில்லை. சொல்லை மீறவும் இல்லை. வாசித்த பாதியைச் சரியாகவே செய்தான். அப்பாதி தன்னளவில் முழுமையாக இருந்ததே அவனை ஏமாற்றியது.

எங்கள் தமிழில் வாக்கியத்துக்கு ஒரு நல்ல காவல் உண்டு. வினைமுற்று கடைசியில் வரும். "வெங்காயத்துக்குத் தண்ணீர்" என்று வாசித்து எவரும் எழுந்து ஓடுவதில்லை. 'விடு' என்பதா, 'விடாதே' என்பதா என்று அறியக் கடைசிச் சொல் வரை போயே ஆகவேண்டும். ஆனால் இக்காவல் ஒரு வாக்கியத்துக்குள் மாத்திரம்தான். ஒரு வாக்கியம் முடிந்து, அடுத்த வாக்கியம் அதற்கு ஓர் எல்லை போடுமாயின், அங்கே காவலில்லை. "தோட்டத்துக்குப் போய் இறை" என்பது நிறைவான வாக்கியம். எந்தப் பாத்திக்கு என்பதைச் சொல்ல வந்தது பின்னர் வரும் வாக்கியம்.

பவணந்தி முனிவர் நன்னூலிலே செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறைகள் எட்டைச் சொல்லியிருக்கின்றார். ஆற்றுநீர்ப் பொருள்கோள் என்பது ஆறு ஓடுவதுபோல முதலிலிருந்து முடிவுவரை நேரே செல்வது. அளைமறிபாப்புப் பொருள்கோள் என்பது வேறு. அளை என்றால் புற்று. புற்றுக்குள் தலையை விட்ட பாம்பு உள்ளே திரும்பித் தலையை மேலே கொண்டுவருவதுபோல, ஈற்றிலே நிற்கும் சொல் திரும்பி வந்து இடையிலும் முதலிலும் பொருந்திப் பொருள் தருவது. செய்யுளுக்குச் சொன்ன இலக்கணம் என்றாலும் அந்தத் தகப்பனாரின் கடிதத்துக்கு அது அப்படியே பொருந்துகின்றது. "மிளகாய்க்கு மாத்திரம்" என்ற பின்பகுதி திரும்பி வந்து, "இறை" என்ற முன்பகுதியின் பொருளைத் தீர்மானிக்கின்றது. மகனோ ஆற்றுநீராக வாசித்தான். அதிலும் பாதி ஆற்றோடு நின்றுவிட்டான்.

துரோணர் கேட்ட பாதி

பாரதப் போரின் பதினைந்தாம் நாளில் நடந்ததும் இதுவே. வீமன் அசுவத்தாமா என்னும் பெயருடைய யானையைக் கொன்றான். தன் மகன் அசுவத்தாமன் இறந்தானோ என்று துரோணர் தருமரிடம் கேட்டார். இறந்தது உரக்கச் சொல்லப்பட்டது. யானை என்பது தாழ்ந்த குரலில் வந்தது. முன்பகுதியை மாத்திரம் கேட்ட துரோணர் மனமுடைந்து, ஈற்றில் ஆயுதத்தைத் துறந்தார், உயிரும் போயிற்று. மகனோ உயிருடன் இருந்தான்.

ஆயினும் இரண்டுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. துரோணருக்குப் பின்பகுதி கேளாமற் போக வேண்டுமென்றே தாழ்த்திச் சொல்லப்பட்டது. வாயால் வந்த சொல் காற்றோடு போய்விடும். பையனின் கையில் இருந்ததோ கடதாசி. பிரித்துப் பார்க்க ஒரு விநாடி போதும்.

பாதி என்று அறிவது எப்படி?

கடிதம் முடிந்ததற்கு அடையாளம் கையொப்பம். "இப்படிக்கு" என்பதைக் காணாதவரை கடிதம் முடியவில்லை. அந்தத் தகப்பனாரும் அதை எழுதத் தவறவில்லை. மகன் வாசித்த பக்கத்தில் அது இல்லை என்பதே போதிய எச்சரிக்கை.

இரண்டாவது அடையாளம் எல்லை. ஒரு வேலையைச் சொன்னவர் எவ்வளவு, எதற்கு, எதுவரை என்று சொல்லாமல் விட்டிருந்தால், அது வேறோர் இடத்தில் எழுதப்பட்டிருக்கக்கூடும். தோட்டம் முழுவதற்குமா என்று ஒருதரம் யோசித்திருந்தால் அவன் தாளைப் புரட்டியிருப்பான். கந்தோர்ச் சுற்றறிக்கைகளிலும் இதே கதைதான். முதற்பந்தி எல்லோருக்கும் உரியது போலிருக்கும். யாருக்குப் பொருந்தாது என்பது கடைசிப் பந்தியில் கிடக்கும். முதற்பந்தியை வாசித்துவிட்டு விண்ணப்பத்தோடு வந்து வரிசையில் நின்று திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர்.

எழுதுவோர்க்கும் ஒரு சொல். மகனிடத்தில் முழுப் பிழையையும் சுமத்துவது நீதியன்று. செய்தால் திருத்த முடியாத காரியம் எதுவோ அதுவே முதல் வரியில் நிற்க வேண்டும். மிளகாய்க்கு இறையாது விட்டிருந்தால் ஒருநாள் வாடியிருக்கும்; மற்றப் பங்குக்காரரிடம் கேட்டு மறுநாள் விட்டிருக்கலாம். வெங்காயத்துக்கு விட்ட தண்ணீரைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே "வெங்காயத்துக்கு விடாதே" என்பதை முதலிலும், "மிளகாய்க்கு இறை" என்பதைப் பின்னரும் எழுதியிருந்தால், பாதி வாசித்த பையனும் பயிரைக் காப்பாற்றியிருப்பான்.

அந்தத் தகப்பனார் மகனை அடிக்கவில்லை என்று கதை முடிகின்றது. அதன்பின் அவர் எழுதிய ஒவ்வொரு துண்டின் அடியிலும் "மறுபக்கம் பார்" என்றொரு வரி இருந்ததாம். மறுபக்கம் வெறுமையாக இருந்த நாட்களிலும் மகன் புரட்டிப் பார்த்த பின்னரே மண்வெட்டியை எடுத்தானாம்.