கோயில் திருவிழா விஞ்ஞாபனம்: தள்ளி நின்றும் வாசிக்க

மாசிமகத்தன்று மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் தேவஸ்தானத்தின் பஞ்சரத பவனிக்குக் கண்டி, கம்பளை, புசல்லாவைப் பக்கத்திலிருந்தும் சனங்கள் போவார்கள். குடும்பத்தோடு புறப்படுகிறவர் கேட்பது மூன்றே கேள்விகள்: எந்த நாள், எத்தனை மணிக்கு, தேர் எந்த வழியாக வரும்? தோட்டத்துக் கோயிலின் மூன்று நாள் திருவிழாவுக்கும் இதே கேள்விகள்தான். ஆனால் நம் பக்கச் சுவர்களில் ஒட்டப்படும் பல விஞ்ஞாபனங்களில் இந்த மூன்றுக்கும் விடை அடிமூலையில் பொடி எழுத்தில் கிடக்கிறது. ஆலய பரிபாலன சபை விஞ்ஞாபனம் தயாரிக்கும் வேலையை உங்கள் கையில் ஒப்படைத்திருந்தால் கீழேயுள்ள குறிப்புகள் உதவும்.

1. கணினியைத் திறக்க முன் அட்டவணையைக் கையால் எழுதுங்கள்.
குருக்களிடம் போய், நாள், நேரம், நிகழ்வு மூன்றையும் அவர் முன்னிலையிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் பார்ப்பது வாக்கிய பஞ்சாங்கமா, திருக்கணிதமா என்றும் கேட்டுவிடுங்கள். திதி, நட்சத்திர நேரங்கள் இரண்டிலும் ஒன்றாக இருப்பதில்லை. சபையில் ஒருவர் ஒன்றையும் குருக்கள் மற்றதையும் பார்த்திருந்தால், சிக்கல் தாள் அச்சான பிறகுதான் தெரியவரும்.

2. திகதியோடு கிழமையையும் போடுங்கள்.
திகதியில் ஓர் இலக்கம் பிழைத்தாலும் கிழமை காட்டிக்கொடுக்கும். 24.4.2026 என்றால் வெள்ளி. தமிழ்க் கணக்கில் பராபவ வருடம் சித்திரை 11. தமிழ்த் திகதி தலைப்புக்குக் கீழே ஒரு வரியில் வந்தால் போதும், அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் வேண்டாம். ‘மு.ப., பி.ப.’ என்பதைவிடக் ‘காலை, மாலை’ என்று எழுதுவதே வயதானவர்களுக்கு வசதி.

நள்ளிரவு தாண்டிய நிகழ்வில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். சனிக்கிழமை இரவு கரகம் புறப்பட்டு, விடியற்காலை 2 மணிக்குக் கோயிலை வந்தடைகிறது என்று வையுங்கள். அதை ‘சனி 2.00 மணி’ என்று போட்டால் சிலர் சனி பகலிலேயே வந்து நிற்பார்கள். சூரிய உதயத்தில் நாள் தொடங்கும் கோயில் கணக்கு ஒன்று, நாட்காட்டிக் கணக்கு இன்னொன்று. ‘சனி இரவு விடிந்தால் ஞாயிறு, அதிகாலை 2.00’ என்று முழுதாக எழுதிவிடுங்கள். ஒரு வரி கூடினாலும் பரவாயில்லை.

3. முதல் இடம் அட்டவணைக்கு, மிச்ச இடம் படத்துக்கு.
கலஹா பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மாரியம்மன் கோயிலில் வெள்ளி முதல் ஞாயிறு வரை திருவிழா என்று எடுத்துக்கொள்வோம். தாள் ஏ3, அதாவது 297 மில்லிமீற்றர் அகலம், 420 உயரம். சுற்றிவர 15 விட்டால் எழுதக் கிடைப்பது 267 அகலமும் 390 உயரமும். அந்த 390-ஐ இப்படிப் பங்கிடலாம்: கோயில் பெயருக்கும் ஊருக்கும் 80, அம்மன் படத்துக்கு 70, அட்டவணைக்கு 180, தேர் வரும் வழிக்கும் அன்னதானத்துக்கும் 35, ‘இங்ஙனம் ஆலய பரிபாலன சபையினர்’ என்பதற்கு 25.

அட்டவணையில் ஆறு வரிகள். ஒவ்வொன்றுக்கும் 30 மில்லிமீற்றர் உயரம் கிடைக்கும்.

```
வெள்ளி 24.4   காலை 8.30     கொடியேற்றம்
வெள்ளி 24.4   மாலை 6.00     விசேட பூசை
சனி 25.4      காலை 9.00     பால்குட பவனி
சனி 25.4      இரவு 8.00     கரகம் பாலித்தல்
ஞாயிறு 26.4   பகல் 12.00    அன்னதானம்
ஞாயிறு 26.4   மாலை 4.00     தேர் பவனி
```

நாளுக்கு 70, நேரத்துக்கு 65, நிகழ்வுக்கு 132 என்று அகலத்தைப் பிரித்தால், 36 புள்ளி அளவு எழுத்தில் ஒவ்வொரு நிகழ்வும் ஒரே வரியில் அடங்கும். பெட்டிக்குப் பெட்டி தடித்த கறுப்புக் கோடு போடாதீர்கள். எழுத்துக்கு முன் கோடுதான் கண்ணில் படும். ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் நடுவில் மட்டும் கோடு, அல்லது நாளுக்கு நாள் மாறும் மிக மெல்லிய பின்னிறம் போதுமானது.

உபயகாரர் பெயர் கட்டாயம் வரத்தான் வேண்டும். ஆனால் அதை நான்காவது நிரலாகச் சேர்த்தால் மற்ற மூன்றும் நெருங்கிச் சிறுத்துவிடும். உபயகாரர் பட்டியலையும், ‘மெய்யடியார்களே!’ என்று தொடங்கும் நீண்ட அழைப்பையும் வீடுகளுக்குக் கொடுக்கும் மடிப்பு நோட்டீஸில் முழுமையாகப் போடுங்கள். சுவரில் ஒட்டுவது வேறு, கையில் கொடுப்பது வேறு. இரண்டையும் ஒரே தாளில் அடைப்பதுதான் பொடி எழுத்துக்கு முதற்காரணம்.

4. எழுத்தின் வயிறு அடைபடக் கூடாது.
பலகை எழுதுகிறவர்கள் வைத்திருக்கும் ஒரு பொதுக் கணக்கு, பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயர எழுத்து என்பது. அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்குச் சொன்னது. நம் எழுத்தில் சுழிகள் அதிகம் என்பதால் இன்னும் கொஞ்சம் பெரிதாகவே வேண்டும். 150 புள்ளி அளவில் ‘க’, ‘ம’ போன்றவை ஏறக்குறைய ஓர் அங்குலம் நிற்கும். ஆகவே ஏ3 தாளில் கோயில் பெயரின் முக்கியச் சொல்லாவது அகலம் இடங்கொடுக்கும்வரை அந்த அளவை நெருங்கட்டும்.

பெரிதாக்குவது என்பது தடிப்பாக்குவது அல்ல. தடித்த எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கரை, அதற்கு வெளியே சிவப்புக் கரை, கீழே நிழல் என்று அடுக்கும்போது ‘ண’வின் சுழி மூடி ‘ன’ போலத் தெரியும். ‘ஞ’ ஒரு கறையாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி கீழேயுள்ள எழுத்தோடு ஒட்டிக்கொண்டால் ‘கண்டி’ தூரத்தில் ‘கணடி’ ஆகும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. தலைப்பைத் திரையில் கட்டைவிரல் அகலத்துக்குச் சுருக்கி, இரண்டு எட்டு பின்னால் போய்ப் பாருங்கள். புள்ளிகளை எண்ண முடிந்தால் அச்சிலும் நிற்கும்.

இலவசமாகக் கிடைக்கும் யூனிகோட் எழுத்துருக்களில் Baloo Thambi 2 தலைப்புக்கு நன்றாக இருக்கும். அட்டவணைக்கு Mukta Malar அல்லது Noto Sans Tamil. இரண்டு எழுத்துருவுக்கு மேல் வேண்டாம். பெயர் நீளமாக இருக்கிறதென்று பக்கவாட்டில் அமுக்கிச் சுருக்காதீர்கள். நிற்கும் கோடுகள் மெலிந்து, படுக்கும் கோடுகள் மட்டும் தடித்து எழுத்தே கோணலாகும். ‘ஸ்ரீ முத்துமாரியம்மன்’ ஒரு வரி, ‘ஆலயம்’ அடுத்த வரி என்று உடைத்துவிடுவதுதான் சரி.

5. வரிகளுக்கிடையில் காற்று விடுங்கள்.
மேல்வரியில் ‘கு, டு, மூ’ கீழே இறங்கும்; கீழ்வரியில் ‘கி, தீ’ மேலே ஏறும். இரண்டும் முட்டினால் ‘தீ’யின் சுழி மேல்வரிக்குச் சொந்தமானதுபோல் தெரியும். எழுத்து 36 புள்ளி என்றால் வரியிடைவெளி 50-க்குக் குறையாமல் வையுங்கள்.

6. பாமினியில் அடித்திருந்தால் கவனம்.
இலங்கையில் பாமினி எழுத்துரு இன்னும் பரவலாகப் புழக்கத்தில் இருக்கிறது. கை பழகியவர்கள் வேகமாக அடிப்பார்கள். ஆனால் அது யூனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளுக்குமேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்ற சொல் இப்படித்தான் தெரியும்:

```
jkpo;
```

வீட்டில் சரியாக இருந்த கோப்பு அச்சகத்தில் திறந்ததும் இப்படி மாறினால் காரணம் இதுதான். கோப்பைக் கொடுக்கும்போது எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றிவிடுங்கள். கோரல்டிராவில் எல்லாவற்றையும் தேர்ந்து `Ctrl+Q` அழுத்தினால் போதும். அப்படி மாற்றிய பிறகு ஓர் எழுத்தையும் திருத்த முடியாது. அதனால் மாற்றாத பிரதி ஒன்றை வேறு பெயரில் கட்டாயம் சேமித்து வையுங்கள். அடுத்த வருடம் திகதியை மட்டும் மாற்றவும் அது வேண்டும்.

7. யூனிகோட்டிலும் ஒரு பொறி உண்டு.
அடோபி இலஸ்ட்ரேட்டரில் ‘கோயில்’ என்று ஒட்டும்போது கொம்பு ‘க’வுக்கு முன்னால் வராமல் பின்னால் விழுந்தால் எழுத்துருவில் குறையில்லை, அமைப்பில்தான் குறை. Preferences > Type பகுதியில் `Show Indic Options` என்பதைத் தெரிவுசெய்து, பந்தி அமைப்பில் `Middle Eastern & South Asian` என்று தொடங்கும் கோப்பாளரை எடுத்தால் சரியாகும். ‘ஸ்ரீ’ உடைந்து ‘ஸ்’, ‘ரீ’ என்று தனித்தனியாக நிற்கிறதா என்றும் பாருங்கள்.

8. கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுங்கள்.
தோட்டங்களுக்குப் போவது பெரும்பாலும் போட்டோ பிரதிதான். பச்சைமேல் சிவப்பு எழுத்து வண்ணத்தில் எடுப்பாகத் தெரிந்தாலும் பிரதியில் இரண்டும் ஒரே சாம்பலாகும். மஞ்சள்மேல் கறுப்பு, மஞ்சள்மேல் கடும் சிவப்பு, வெள்ளைமேல் கடும் நீலம் எல்லாம் தாங்கும். அட்டவணைக்குப் பின்னால் கோபுரப் படத்தை மங்கலாகப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்; பிரதியில் நேரம்தான் முதலில் அழியும்.

9. வட்ஸ்அப்புக்குத் தனிப் படம்.
முழு விஞ்ஞாபனத்தையும் படமாக அனுப்பினால் செயலி சுருக்கிவிடும், அட்டவணை கலங்கும். தலைப்பும் படமும் ஒரு துண்டு, அட்டவணை மட்டும் இன்னொரு துண்டு என்று சதுரமாக வெட்டி அனுப்புங்கள். முழுத்தாளைப் பீடிஎஃப் கோப்பாகச் சேர்த்துவிடலாம்.

10. தேர் வரும் வழிக்குச் சிங்களத்திலும் ஒரு வரி.
கண்டி நகருக்குள்ளோ பஸ் போகும் வீதியிலோ தேர் வருமென்றால், கோயில் பெயர், திகதி, நேரம், வீதி ஆகியவற்றைச் சிங்களத்திலும் அடியில் போடுங்கள். கடைக்காரரும் முச்சக்கரவண்டிக்காரரும் முன்கூட்டியே அறிந்து வழிவிடுவார்கள். வரியைச் சிங்களம் தாய்மொழியான ஒருவரிடம் காட்டிய பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.

11. சரிபார்க்கிறவர் சபைக்கு வெளியே இருப்பவராகட்டும்.
சபையிலுள்ளவருக்கு நேரம் மனப்பாடம். தாளில் பிழை இருந்தாலும் கண் திருத்தி வாசித்துவிடும். ஒன்றும் தெரியாத ஒருவர் அட்டவணையைச் சத்தமாக வாசிக்க, நீங்கள் முதலில் கையால் எழுதிய தாளைப் பார்த்து ஒப்பிடுங்கள். பெயர்களைவிட இலக்கங்களுக்கு அதிக நேரம் கொடுங்கள்.

12. ஒட்டும்போது.
அட்டவணையின் நடுப்பகுதி நிற்பவர் கண்மட்டத்துக்கு வரவேண்டும். உயரத்தில் ஒட்டினால் மழைக்குத் தப்பும், வாசிக்க முடியாது. பஸ் தரிப்பிடத்தின் உள்சுவரில் ஒட்டுங்கள்; வெளிச்சுவர்தான் கிடைக்கிறதென்றால் அந்த ஓரிரண்டு தாள்களுக்கு மட்டும் பிளாஸ்டிக் உறை போடலாம். அச்சான பிறகு நேரம் மாறினால் பேனாவால் வெட்டி எழுத வேண்டாம். அதே எழுத்துருவில், அதே அளவில் அந்த ஒரு வரியை மட்டும் அச்சிட்டு மேலே ஒட்டுங்கள். ஏற்கெனவே ஒட்டிய இடங்களின் பட்டியல் கையில் இருந்தால் ஒன்றும் விடுபடாது.