சோளம் விலை இறங்கினால் கோழித்தீன் விலையும் இறங்க வேண்டுமா?

இடம்பெயர்ந்து வந்த இடத்தில் வயல் இல்லை. ஆனால் கூடு கட்ட இடம் உண்டு. இதனால் பல குடும்பங்கள் சங்கமாகச் சேர்ந்து முட்டைக் கோழி வளர்க்கின்றன. தீன் செலவே அவர்களுக்குப் பெரிய செலவு. ஒப்பந்தம் எழுதிய பிறகு சோளத்தின் சந்தை விலை விழுந்துவிட்டால் தீன் வழங்குபவரிடம் விலைக் குறைப்பை எவ்வாறு கேட்பது என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

இருபது குடும்பங்கள் கொண்ட ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு 25 கோழிகள் வீதம் மொத்தம் 500 கோழிகள். முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 110 கிராம் தின்னும். ஆகவே மாதத்துக்கு 50 கிலோ மூடைகள் 33 வேண்டும். சங்கம் கார்த்திகை மாதத்தில் மூடை ஒன்று 9,000 ரூபாவாக ஆறு மாதத்துக்கு ஒப்பந்தம் செய்தது. அப்போது சோளம் கிலோ 150 ரூபா. மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை வந்ததும் அது 120 ரூபாவாக இறங்கியது. (இவ்விலைகள் கணக்கைக் காட்டுவதற்காக நாம் எடுத்த உதாரணங்கள்.)

"சோளம் ஐந்தில் ஒரு பங்கு இறங்கிவிட்டது, தீனையும் ஐந்தில் ஒரு பங்கு குறையுங்கள்" என்று கேட்கத்தான் முதலில் தோன்றும். அது பிழை. முட்டைக் கோழித் தீனில் சோளம் ஏறக்குறைய அரைவாசிதான். மிகுதி சோயாப் பிண்ணாக்கு, தவிடு, சிப்பித்தூள், மருந்துச் சத்துகள். இவற்றோடு அரைகூலி, சாக்கு, ஏற்றுகூலி ஆகியனவும் உண்டு. எனவே ஒரு மூடையில் சோளம் 25 கிலோ. கிலோவுக்கு 30 ரூபா இறங்கியபடியால் மூடைக்கு 750 ரூபா. நியாயமாகக் கேட்கக்கூடிய உச்ச அளவு இதுவே. 1,800 ரூபா கேட்டால், கணக்குத் தெரியாதவர்கள் என்று எண்ணி அவர் பேச்சை முடித்துவிடுவார்.

அடுத்து மற்றப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். சோயாப் பிண்ணாக்கு பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது. மூடையில் 12 கிலோ சோயா இருந்து, அது கிலோவுக்கு 20 ரூபா ஏறியிருந்தால் 240 ரூபாவைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது 510 ரூபா. அதுவும் 33 மூடைக்கு மாதம் 16,830 ரூபா. இதை நாமே கழித்துச் சொன்னால் எமது சொல்லுக்கு மதிப்பு ஏறும்.

சந்தை விலையைக் காட்டும்போது ஒரு கவனம். புதிதாக அறுத்த ஈரச் சோளம் மலிவு. தீன் ஆலை வாங்குவது ஈரப்பதன் 14 சதவீதம் அளவுக்குக் காய்ந்த சோளம். ஈரச் சோளத்தின் விலையைக் காட்டினால் அவர் உடனே மறுத்துவிடுவார். ஆகவே இரண்டு மூன்று மொத்த வியாபாரிகளிடம், காய்ந்த சோளத்துக்கு, ஒப்பந்த மாதத்து விலையையும் இன்றைய விலையையும் எழுத்தில் பெறுங்கள்.

பின்பு ஒப்பந்தத்தை வாசியுங்கள். விலை மீளாய்வு பற்றிய வாசகம் இருந்தால் அதன்படி கேட்கலாம். இல்லாவிட்டால் எழுதிய விலையே விலை. நாம் கேட்பது உரிமையல்ல, வேண்டுகோள். தவணையை நிறுத்திவைத்து நெருக்கக் கூடாது. அது எமது பக்க மீறலாகிவிடும். கடிதம் இவ்வாறு அமையலாம்:

"மதிப்புக்குரிய ஐயா, எமது ஒப்பந்தம் எழுதிய வேளை காய்ந்த சோளம் கிலோ 150 ரூபா, இன்று 120 ரூபா. வியாபாரிகளின் விலைத் துண்டுகளை இணைத்துள்ளோம். சோயாவின் ஏற்றத்தையும் கழித்து, மூடைக்கு 510 ரூபா குறைக்குமாறு வேண்டுகிறோம். பழைய விலைக்கு வாங்கிய சோளம் உங்கள் களஞ்சியத்தில் இருக்குமாயின், அது முடிந்த அடுத்த மாதத்திலிருந்து குறைத்தாற் போதும். இனிமேல் சோளம் கிலோவுக்கு 10 ரூபா ஏறினாலோ இறங்கினாலோ மூடைக்கு 250 ரூபா கூட்டிக் குறைக்க இணங்குகிறோம்."

கடைசி வாசகம் முக்கியமானது. இறங்கும்போது மட்டும் திருத்தம் கேட்பது நீதியல்ல. ஏறும்போது நாமும் கொடுக்கவேண்டும். அதற்கு இணங்கச் சங்கத்துக்கு மனமில்லையென்றால் அந்த வாசகத்தை எழுத வேண்டாம். அவர் தயங்கினால், ஒப்பந்தத்தை மேலும் மூன்று மாதம் நீட்டவோ, சங்கத்தின் உழவு இயந்திரத்தில் தீனை ஏற்றிவரவோ முன்வரலாம்.

விலை குறைந்தபின் தீனைக் கவனியுங்கள். சிலர் விலையைக் குறைத்துத் தவிட்டைக் கூட்டிவிடுவர். சாக்கில் குறித்த புரத அளவு முன்போல் 16 சதவீதம் அளவில் உள்ளதா? தீனின் நிறம் மாறியதா? இரண்டு மூன்று கிழமைக்குள் முட்டை குறைகிறதா, ஓடு மெலிகிறதா? நாளாந்த முட்டைக் கணக்குக் கொப்பி இருந்தால் இது உடனே தெரியவரும். நோயும் வெப்பமும்கூட முட்டையைக் குறைக்கும்; எனவே பழைய மூடையிலிருந்து ஒரு கிலோவை எடுத்துவைத்து, புதியதோடு ஒப்பிட்ட பின்பே பேசுங்கள்.

கூடிப் பேச:
1. எமது சங்கத்தின் ஒப்பந்தத்தில் விலை மீளாய்வு வாசகம் உண்டா?
2. சோளம் கிலோ 170 ரூபாவாக ஏறினால் மூடைக்கு எவ்வளவு கூடக் கொடுக்கவேண்டும்? அதைத் தாங்குவோமா?