வான்கோமைசின் ஏறும்போது உடம்பு சிவந்தால்: ஒவ்வாமை என்று எழுதுவதற்கு முன்

வெள்ளானூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்து நர்சிங் ஹோம்களில் புதிதாக வார்டு டியூட்டிக்குச் சேரும் சிஸ்டர்களுக்கு வான்கோமைசின் சீக்கிரமே கைக்கு வந்துவிடும். ஆறாத சர்க்கரைப் புண், எலும்பில் சீழ், ஆபரேஷன் தையலில் தொற்று, டயாலிசிஸ் குழாயில் தொற்று என்று எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி இருக்கும் இடத்தில் எல்லாம் இந்த மருந்து வரும். இதைப் போடும்போது நோயாளிக்கு அரிப்பும் தடிப்பும் வந்தால் அடுத்த பத்து நிமிடத்தில் நீங்கள் செய்வதும், கேஸ் ஷீட்டில் எழுதுவதும் அவருடைய பல வருட சிகிச்சையைத் தீர்மானிக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்கான வழிகாட்டி இது.

எதனால் சிவக்கிறது?

நம் தோலிலும் நரம்புகளைச் சுற்றியும் மாஸ்ட் செல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஹிஸ்டமின் பொட்டலம் பொட்டலமாக அடைந்திருக்கிறது. வான்கோமைசின் வேகமாக ரத்தத்தில் ஏறினால், அந்தச் செல்களின் மேலுள்ள எம்.ஆர்.ஜி.பி.ஆர்.எக்ஸ்.2 என்ற வாங்கியை நேரடியாகத் தூண்டி ஹிஸ்டமினைக் கொட்டவைக்கிறது. இதற்கு எதிர்ப்பொருள் எதுவும் தேவையில்லை, மருந்தை முன்பு ஒருமுறை வாங்கியிருக்கவும் வேண்டியதில்லை. அதனால்தான் வாழ்க்கையின் முதல் டோஸிலேயே இது வருகிறது.

உண்மையான ஒவ்வாமையின் வழி வேறு. அதில் உடல் மருந்தை முன்பே அடையாளம் கண்டு, ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்பொருளை உருவாக்கி வைத்திருக்கும். அடுத்த முறை மருந்து சிறிதளவு வந்தாலும் போதும், அந்த எதிர்ப்பொருள் மாஸ்ட் செல்களை வெடிக்க வைக்கும். அங்கே வேகத்தைக் குறைப்பதால் பாதுகாப்பு கிடைக்காது.

வான்கோமைசின் அமெரிக்காவில் 1958-ல் புழக்கத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டே இந்த எதிர்வினை மருத்துவ இதழில் பதிவானது. அக்கால மருந்து பழுப்பு நிறத்தில் கசடோடு இருந்ததால் கசடுதான் காரணம் என்று பலர் நினைத்தார்கள். மருந்து சுத்தமான பிறகும் சிவப்பு போகவில்லை. 1990-ல் வெளியான ஒரு சிறு ஆய்வு வேகத்தின் பங்கைத் தெளிவாகக் காட்டியது. ஆரோக்கியமான பத்துப் பேருக்கு 1 கிராம் மருந்தை ஒரு மணி நேரத்தில் ஏற்றியபோது எட்டுப் பேருக்கு எதிர்வினை வந்தது. அதே அளவை இரண்டு மணி நேரத்தில் ஏற்றியபோது மூன்று பேருக்கு மட்டுமே வந்தது. உடம்பில் தொற்று உள்ளவர்களுக்கு இந்த அளவு அடிக்கடி வருவதில்லை. ஆனாலும் வேகம் கூடினால் ஹிஸ்டமின் கூடும் என்பது அவர்களுக்கும் பொருந்தும்.

நம் தோலில் எப்படித் தெரியும்?

பாடப்புத்தகப் படத்தில் வெள்ளைத் தோல் தக்காளி போலச் சிவந்திருக்கும். மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் அந்தச் சிவப்பு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. சிவப்புக்காகக் காத்திருந்தால் நேரம் போய்விடும். “தலையெல்லாம் அரிக்குது சிஸ்டர்”, “கழுத்து எரியுது”, “உடம்பு குப்புன்னு சூடாகுது” என்று நோயாளி சொல்வதுதான் முதல் அடையாளம். முகம், கழுத்து, மார்பின் மேல்பகுதி, முதுகு ஆகிய இடங்களைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடு தெரியும், சில சமயம் லேசான மேடும் தட்டுப்படும். சிலருக்கு மார்பிலோ முதுகிலோ தசை பிடித்து இழுக்கும். அதை மாரடைப்பு என்று பயந்து ஈ.சி.ஜி. எடுப்பதில் தவறில்லை, ஆனால் முதலில் டிரிப்பை நிறுத்த வேண்டும்.

பெரும்பாலும் இது மருந்து தொடங்கிய முதல் சில நிமிடங்களிலோ, முடிந்தவுடனோ தலைகாட்டும். 2021-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் மருத்துவர்கள் சிலர், பழைய “செம்மனிதன்” என்ற பெயரை விட்டுவிட்டு ‘வான்கோமைசின் ஏற்றுதல் எதிர்வினை’ என்று சொல்லுமாறு கேட்டுக்கொண்டார்கள். எல்லாத் தோலிலும் சிவப்பு தெரியாது என்பதும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

பயப்பட வேண்டிய அறிகுறிகள்

மூச்சில் விசில் சத்தம், குரல் கரகரப்பு, தொண்டை இறுக்கம், நாக்கோ உதடோ வீங்குதல், திரும்பத் திரும்ப வாந்தி, மயக்கம், பி.பி. விழுதல் ஆகியவற்றில் ஏதாவது வந்தால் அனாஃபிலாக்சிஸ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கடுமையான ஏற்றுதல் எதிர்வினையிலும் பி.பி. விழலாம். கட்டிலருகே நின்று இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாத சமயம் உண்டு. அப்போது விவாதத்துக்கு இடமில்லை. டிரிப்பை நிறுத்துங்கள், ஆளைக் கூப்பிடுங்கள், கால்களை உயர்த்திப் படுக்க வையுங்கள். பெரியவருக்கு 1 மில்லியில் 1 மில்லிகிராம் உள்ள அட்ரினலின் ஆம்பூலிலிருந்து 0.5 மில்லியைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். முன்னேற்றம் இல்லையென்றால் ஐந்து நிமிடத்தில் மீண்டும் போடலாம். ஆக்சிஜனும் சலைனும் கூடவே போக வேண்டும்.

பல வார்டுகளில் தடிப்பு என்றதும் கை தானாக ஏவிலுக்கும் எஃப்கார்லினுக்கும் போகிறது. ஏவில் அரிப்பைக் குறைக்கும். ஆனால் மூச்சுக்குழாய் சுருங்கும்போதும் பி.பி. விழும்போதும் உயிர் காப்பது அட்ரினலின் மட்டுமே. ஸ்டீராய்டு வேலை செய்யவே மணிக்கணக்கில் ஆகும்.

ஒரு கேஸ், கணக்கோடு

கணக்கைப் புரிந்துகொள்ள ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். காலில் சர்க்கரைப் புண்ணோடு 55 வயதுக்காரர் அட்மிட் ஆகியிருக்கிறார். ஆர்டர், வான்கோமைசின் 1 கிராம். மற்ற ஆன்டிபயாட்டிக்குகளைப் போலவே இதையும் 100 மில்லி நார்மல் சலைனில் கலந்து, ரோலரைத் தாராளமாகத் திறந்துவிட்டார்கள். 25 நிமிடத்தில் முடிந்துவிடும் வேகம் அது. 12-வது நிமிடம் கழுத்தும் தலையும் அரிக்கிறது என்கிறார். மூச்சு சீராக இருக்கிறது, பி.பி. 124/80, உதடு வீங்கவில்லை.

இங்கே இரண்டு பிழைகள் உள்ளன. வான்கோமைசின் நிமிடத்துக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் ஏறக்கூடாது. எவ்வளவு சிறிய டோஸாக இருந்தாலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையவும் கூடாது. 1 கிராமுக்குக் குறைந்தது 100 நிமிடம் வேண்டும். இவருக்கு நிமிடத்துக்கு 40 மில்லிகிராம் போயிருக்கிறது, அதாவது நான்கு மடங்கு. அடுத்து, கலவை மில்லிக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. 100 மில்லியில் 1 கிராம் என்றால் மில்லிக்கு 10 வருகிறது. நரம்பு புண்ணாகவும் இதுவே காரணம்.

என்ன செய்வது? டிரிப்பை உடனே நிறுத்துங்கள். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஊசியை எடுக்காதீர்கள், நரம்பு வழி திறந்திருக்கட்டும். பி.பி., நாடி, ஆக்சிஜன் அளவு, மூச்சுச் சத்தம் ஆகியவற்றைப் பார்த்து டியூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் ஆர்டர் கொடுத்தால் 2 மில்லி ஏவில் ஆம்பூலை நரம்பில் மெதுவாகப் போடுவீர்கள். லேசான எதிர்வினை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும்.

முழுக்க அடங்கிய பிறகு டாக்டர் “பாதி வேகத்தில் மறுபடி போடுங்கள்” என்பார். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். 40-ல் பாதி 20. அதுவும் வரம்பைப் போல இரண்டு மடங்கு. முந்தைய வேகத்தில் பாதி, நிமிடத்துக்கு 10 மில்லிகிராம் ஆகிய இரண்டில் எது குறைவோ அதற்குக் கீழேதான் இருக்க வேண்டும். இந்தக் கணக்கை டாக்டரிடம் சொல்லி, எத்தனை நிமிடத்தில் ஏற்ற வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

நிமிடத்துக்கு 5 மில்லிகிராம் என்று அவர் முடிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாட்டிலில் மீதி ஏறக்குறைய 50 மில்லி, அதில் 500 மில்லிகிராம் மருந்து. இன்னும் 50 மில்லி சலைன் சேர்த்தால் கலவை மில்லிக்கு 5 ஆகிறது. நிமிடத்துக்கு 1 மில்லி போனால் போதும். சாதாரண ஐ.வி. செட்டில் 1 மில்லிக்கு 20 சொட்டு. அப்படியானால் நிமிடத்துக்கு 20 சொட்டு, 100 நிமிடம். செட்டின் உறையில் எத்தனை சொட்டு என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டே எண்ணுங்கள், எல்லாக் கம்பெனி செட்டும் ஒன்றல்ல.

அடுத்த டோஸுக்கு 250 மில்லியில் 1 கிராம், இரண்டு மணி நேரம். நிமிடத்துக்கு 42 சொட்டு வரும். 250 மில்லி பாட்டில் ஸ்டோரில் இல்லையென்றால் 500 மில்லிகிராம் வீதம் இரண்டு 100 மில்லி பாட்டில்களில் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் கொடுக்கலாம்.

பம்ப் இல்லாத டிரிப்பில் வேகம் நிலையாக இருக்காது. நோயாளி கையை மடக்கினால் குறையும், நீட்டினால் பாயும். சீக்கிரம் முடியட்டும் என்று உடன் இருப்பவரே ரோலரைத் திருப்பிவிடுவதும் நடக்கும். முதல் 15 நிமிடம் அருகில் இருங்கள். பிறகு ஒவ்வொரு முறை சுற்றி வரும்போதும் முழு ஒரு நிமிடம் சொட்டை எண்ணுங்கள். “இது மெதுவாத்தான் ஏறணும், கை வைக்காதீங்க, அரிச்சா உடனே கூப்பிடுங்க” என்று உறவினரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

கூட்டு சேரும் மருந்துகள்

மார்ஃபின், சிப்ரோஃப்ளாக்சசின், மயக்க மருந்தோடு தரும் சில தசைத் தளர்த்திகள் ஆகியவையும் இதே மாஸ்ட் செல்களைத் தூண்டும். வான்கோமைசினோடு ஒரே நேரத்தில் போனால் எதிர்வினை கூடும். ஆபரேஷன் தியேட்டரில் இது அடிக்கடி நடக்கக்கூடியது. கீறலுக்குச் சற்று முன்புதான் மருந்து நினைவுக்கு வரும், அவசரமாகத் திறந்துவிடுவார்கள். கீறலுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கலாம் என்பதால், வார்டிலேயே தொடங்கி அனுப்புவது நல்லது.

கேஸ் ஷீட்டில் என்ன எழுதுவது?

“வான்கோமைசின் அலர்ஜி” என்று சிவப்பு மையில் எழுதிவிட்டால் அது டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஏறி, நோயாளியோடு ஊர் ஊராகப் போகும். பின்னாளில் ரத்தத்தில் எம்.ஆர்.எஸ்.ஏ. வந்து அவர் ஐ.சி.யு.வில் கிடக்கும்போது, விலை அதிகமான அல்லது அவருக்குப் பொருந்தாத மருந்தைத் தேட வைக்கும். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். டோஸ், எவ்வளவு சலைனில், எத்தனை நிமிட வேகம், எத்தனையாவது நிமிடத்தில் என்ன வந்தது, பி.பி.யும் மூச்சும் எப்படி இருந்தன, எப்போது அடங்கியது, மெதுவாக மறுபடி ஏற்றியபோது தாங்கினாரா என்பவை போதும். பெயரிடுவது டாக்டரின் பொறுப்பு, அவர் சரியாகப் பெயரிட இந்த விவரங்கள் வேண்டும்.

இன்னொரு வகையையும் கவனியுங்கள். மருந்து தொடங்கிச் சில நாட்களிலோ வாரங்களிலோ காய்ச்சலோடு தடிப்பு, முகவீக்கம், கொப்புளம், வாயில் புண் வந்தால் அது வேகத்தால் வந்ததல்ல. மெதுவாக்கித் தொடரும் யோசனையே அங்கு கூடாது. மருந்தை நிறுத்தி உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எந்த எதிர்வினையாக இருந்தாலும் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கலாம். செவிலியரும் படிவம் நிரப்பலாம், இலவச எண் 1800-180-3024. உங்கள் வார்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு வரியை அச்சடித்து மருந்து டிராலியில் ஒட்டுங்கள்: வான்கோமைசின் 1 கிராம், 250 மில்லி, குறைந்தது 100 நிமிடம், 20 சொட்டு செட்டில் நிமிடத்துக்கு 50 சொட்டுக்கு மேல் வேண்டாம்.