முக்காலி வழுக்குவது எங்கே? போர்வெல் மோட்டார் தூக்கும் முன் ஒரு கணக்கு

நாவலூரில் ராஜீவ் காந்தி சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் பராமரிப்புப் பொறியாளராகச் சேர்ந்தால், போர்வெல் மோட்டாரை மேலே எடுக்கும் நாள் சீக்கிரமே வரும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கிரேன் நுழையாது. குழாய் முக்காலியை விரித்து, உச்சியில் செயின் பிளாக்கை மாட்டித்தான் தூக்குவார்கள். அனுமதிச் சீட்டில் கையெழுத்து உங்களுடையது. அதற்கு முன் கால் மணி நேரம் ஒதுக்கி இந்தக் கணக்கைப் போடுங்கள்.

முதலில் எடை. 60 மீட்டர் ஆழத்தில் மோட்டார், 50 மில்லிமீட்டர் ஜிஐ குழாய் என்று வைத்துக்கொள்வோம். குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய 5 கிலோ. வால்வு தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தால் அது இன்னும் 2 கிலோ. பம்பு, மோட்டார், கேபிள் எல்லாம் சேர்த்து 600 கிலோ, அதாவது 6 கிலோ நியூட்டன் என்று எடுக்கலாம்.

முக்காலியின் உச்சி தரையிலிருந்து 3.6 மீட்டர் உயரம். ஒவ்வொரு பாதமும் குழியின் நடுவிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி, சம இடைவெளியில் நிற்கிறது. அப்படியானால் காலின் நீளம் 3.9 மீட்டர். பளு நேர்நடுவில் தொங்குவதால் ஒவ்வொரு பாதத்துக்கும் 2 கிலோ நியூட்டன் செங்குத்து எதிர்விசை. கால் சாய்ந்திருப்பதால் அதற்குள் ஓடும் அமுக்க விசை சற்றுக் கூடும்: 2 × 3.9 ÷ 3.6 = 2.17. பாதத்தை வெளிப்பக்கம் தள்ளும் கிடைவிசை 2 × 1.5 ÷ 3.6 = 0.83.

கால் வளைந்துவிடுமோ என்றுதான் எல்லாரும் முதலில் பயப்படுகிறார்கள். அதே 50 மில்லிமீட்டர் நடுத்தர வகைக் குழாய் நேராக இருந்தால், 3.9 மீட்டர் நீளத்தில் நெளிந்து போக ஏறக்குறைய 33 கிலோ நியூட்டன் வேண்டும். நம் விசையைப்போல 15 மடங்கு. ஆகவே நசுங்கிய, வளைந்த குழாயை மட்டும் ஒதுக்கிவிட்டுப் பார்வையைப் பாதத்துக்குக் கொண்டு வாருங்கள்.

கிடைவிசையைச் செங்குத்து விசையால் வகுத்தால் 0.42 வருகிறது. இது பாதத்தின் தூரத்தை உயரத்தால் வகுத்த எண்ணேதான். இதில் பளுவே இல்லை. முக்காலியின் சொந்த எடையை விட்டுவிட்டால், வழுக்குவதும் நிற்பதும் கால் விரிந்திருக்கும் அளவையும் தரையின் உராய்வையும் பொறுத்ததே. “கம்மி எடைதான் தம்பி, ஒண்ணும் ஆகாது” என்று மேஸ்திரி சொன்னால், “எடை இல்லண்ணே, தரைதான் பிரச்சனை” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். ஈரமான டைல்ஸ் மேல் இரும்புப் பாதத்துக்கு 0.42 கிடைக்கும் என்று நம்பக் கூடாது. வழுக்கத் தொடங்கினால் கால் விரியும், உச்சி இறங்கும், அந்த விகிதம் மேலும் ஏறும். அதே கால்கள் 2.34 மீட்டர் வரை விரிந்தால் உயரம் 3.12 ஆகி, விகிதம் 0.75 ஆகிவிடும். தொடங்கிய சறுக்கல் தானாக நிற்காது.

இதற்கு மருந்து மலிவானது. மூன்று பாதங்களையும் சங்கிலியால் முக்கோணமாகக் கட்டிவிடுங்கள். ஒவ்வொரு சங்கிலியிலும் வரும் இழுவிசை 0.83 ÷ √3 = 0.48 கிலோ நியூட்டன், ஏறக்குறைய 50 கிலோ எடைக்குச் சமம். அதன்பின் தரை செங்குத்து விசையை மட்டும் தாங்கினால் போதும். மண் தரையென்றால் பாதத்தின் கீழே பலகை போடுங்கள்.

மதில் சுவர் இடித்து ஒரு காலை 0.75 மீட்டரிலேயே ஊன்ற வேண்டி வருவதும் உண்டு. நீளத்தை மாற்றக்கூடிய கால் என்றால் உச்சி குழிக்கு நேராகவே நிற்கும். ஆனால் பங்கு மாறிவிடும். மற்ற இரு பாதங்களை இணைக்கும் கோட்டை அச்சாக வைத்துத் திருப்புவிசையைப் பாருங்கள். அந்தக் கோட்டிலிருந்து பளு 0.75 மீட்டர், கிட்ட நிற்கும் பாதம் 1.5 மீட்டர். ஆகவே அந்த ஒரு பாதம் 3 கிலோ நியூட்டனையும், மற்றவை தலைக்கு 1.5-ஐயும் வாங்குகின்றன. விடை சரியா என்று பார்க்கக் கிடைவிசைகளைக் கூட்டுங்கள். மூன்று காலிலும் 0.625 வரும்; பின்னிரண்டின் கூட்டு முன்காலின் தள்ளலைச் சரியாக அடைத்துவிடும். அடைக்காவிட்டால் எங்கோ பிழை.

ஒரு எச்சரிக்கை. மோட்டார் குழிக்குள் சிக்கினால் 600 கிலோ என்ற கணக்கு செல்லாது. செயினை இழுக்க இழுக்க விசை ஏறும். ஆகவே 1 டன் பிளாக் என்றால் 10 கிலோ நியூட்டனுக்கே கணக்கைப் போட்டு வையுங்கள்: காலில் 3.6, சங்கிலியில் 0.8. செயின் பிளாக் இல்லாமல் உச்சியில் ஒற்றைக் கப்பி மாட்டி, கயிற்றைக் கீழே வின்சுக்குக் கொண்டுபோனால் உச்சியின் மேல் பளு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். கயிறு சாய்ந்து வந்தால் பக்கவாட்டு இழுப்பும் சேரும். அப்போது இந்தச் சமபங்குக் கணக்கே பொருந்தாது.

தூக்கும் முன் ஒவ்வொரு பாதத்தைச் சுற்றியும் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஒரு சாண் மட்டும் தூக்கி நிறுத்தி, எல்லாரையும் விலகச் சொல்லிவிட்டு மூன்று கோடுகளையும் பாருங்கள். ஒரு பாதம் கோட்டைத் தாண்டியிருந்தாலும் பளுவை உடனே இறக்கி, சங்கிலியை இறுக்கிய பிறகுதான் மறுபடி தூக்க வேண்டும்.